பட்டறையில் போல்ட் தீராமல் இருக்க: இரட்டைப் பெட்டி முறை

இரட்டைப் பெட்டி முறை என்பது ஒரே பொருளை இரண்டு பெட்டிகளில் பிரித்து வைத்து, ஒரு பெட்டி காலியாவதையே அடுத்த கொள்முதலுக்கான அறிவிப்பாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. பட்டறைகளில் இதை ‘டூ பின் சிஸ்டம்’ என்கிறார்கள். முன்னால் இருக்கும் பெட்டியிலிருந்து போல்ட்டோ நட்டோ எடுத்துப் புழங்குவார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது. முன்பெட்டியில் கடைசி போல்ட்டும் எடுக்கப்பட்டதும் பின்பெட்டி முன்னால் நகரும், காலிப் பெட்டி ஸ்டோருக்குப் போகும். புதுச் சரக்கு வந்ததும் அதே பெட்டி நிரம்பித் திரும்பி, இந்த முறை பின்னால் உட்காரும். இரண்டு கேஸ் சிலிண்டர் உள்ள வீடுகளில் நடப்பதும் இதுதான். எவ்வளவு எரிந்தது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஒன்று தீர்ந்ததும் இன்னொன்றை மாட்டிவிட்டு, அன்றைக்கே புக் செய்துவிடுகிறார்கள்.

போல்ட், நட், வாஷர், ஸ்பிளிட் பின், ஓ-ரிங், டெஃப்ளான் டேப், எமரி ஷீட், கட்டிங் வீல் போன்ற சில்லறைப் பொருட்களுக்குத்தான் இந்த முறை பொருந்தும். காரணம் எளிது. இவற்றை எண்ணிக் கணக்கு வைக்க ஆகும் செலவு, பல நேரங்களில் இவற்றின் விலையைவிட அதிகம். ஒரு ஃபிட்டருக்கு நான்கு போல்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர் வேலையை விட்டுவிட்டு ஸ்டோருக்குப் போய், சீட்டு எழுதிக் கொடுத்து, ஸ்டோர்கீப்பர் எண்ணித் தந்து, பதிவேட்டில் கழித்து எழுதுவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். போல்ட்டின் விலையோ இருபது ரூபாய்க்குள். அப்படி எழுதிய கணக்கும் சரியாக இருப்பதில்லை. கீழே விழுந்து பெஞ்சுக்கு அடியில் உருண்டவை, மரை போனதால் வீசியவை, சட்டைப் பையில் வீட்டுக்குப் போனவை எதுவும் பதிவேட்டில் ஏறுவதில்லை. பதிவேடு 150 இருக்கிறது என்று சொல்லும். பெட்டியைத் திறந்தால் 20தான் இருக்கும். அந்த 150ஐ நம்பி வாங்காமல் விட்ட நாளில் வேலை நின்றுபோகும்.

சரக்கை அதன் மதிப்பு வாரியாக மூன்று வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அளவில் கவனம் கொடுக்க வேண்டும் என்ற ஏபிசி முறையை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த எச். ஃபோர்டு டிக்கி 1951இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். மோட்டார், பேரிங், வார்ப்படம் போன்ற விலை உயர்ந்தவை ‘ஏ’ வகுப்பு. எண்ணிக்கையில் மிக அதிகமாகவும் மொத்த மதிப்பில் மிகக் குறைவாகவும் இருப்பவை ‘சி’ வகுப்பு. போல்ட்டும் வாஷரும் அங்கேதான் வருகின்றன. ஆனால் ‘சி’ வகுப்புப் பொருள் ஒன்று இல்லாவிட்டாலும் ‘ஏ’ வகுப்புப் பொருள் அத்தனையும் பெஞ்சின் மேல் சும்மா கிடக்கும். ஐந்து ரூபாய் போல்ட் இல்லாமல் பல ஆயிரம் ரூபாய் பம்ப் வெளியே போக முடியாது. ஆகவே இந்தப் பொருட்களுக்கு வேண்டியது துல்லியமான கணக்கு அல்ல, தீராமல் இருப்பது மட்டுமே. இரட்டைப் பெட்டி முறை துல்லியத்தை விட்டுக்கொடுத்து அந்த ஒன்றை வாங்கிக்கொள்கிறது.

பின்பெட்டியில் எவ்வளவு?

இந்த முறையில் யோசித்துத் தீர்மானிக்க வேண்டிய எண் ஒன்றே ஒன்றுதான்: பின்பெட்டியில் எத்தனை இருக்க வேண்டும்? முன்பெட்டி காலியான நேரத்திலிருந்து புதுச் சரக்கு பெட்டிக்குள் வந்து விழும் வரை பட்டறையை ஓட்ட அது போதுமானதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் தேவையில்லை.

கோயம்புத்தூர்ப் பக்கம் மோனோபிளாக் பம்ப் அசெம்பிளி செய்யும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்குச் சராசரியாக 15 பம்ப். ஒவ்வொரு பம்பிலும் கேசிங்கை இறுக்க ‘8க்கு 25’ போல்ட் நான்கு, அதாவது 8 மில்லிமீட்டர் மரையும் 25 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட, 13 நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணத் தலை போல்ட். ஒரு நாளைக்கு 60 போல்ட் செலவாகிறது.

கடைக்காரரைக் கேட்டால் “மூணு நாளில் அனுப்பிடறேன்” என்பார். கணக்குப் போடும்போது பெரும்பாலானவர்கள் இந்த மூன்றையே எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் முதல் தவறு நேர்கிறது. காலிப் பெட்டி மாலையில் ஸ்டோருக்கு வருகிறது. மறுநாள்தான் ஆர்டர் போகிறது. அதற்கே ஒரு நாள் ஆகிவிட்டது. பிறகு கடைக்காரரின் மூன்று நாள். சரக்கு வந்து இறங்கியதும் யாராவது பிரித்து, அளவு சரிபார்த்து, பெட்டியில் கொட்டி, அலமாரியில் வைக்க இன்னொரு நாள். ஆக, பட்டறையின் காத்திருப்பு 5 வேலைநாள். அந்த ஐந்து நாளில் சராசரியாக 300 போல்ட் செலவாகும்.

பின்பெட்டியில் 300 மட்டும் வைத்தால் என்ன நடக்கும்? சராசரி என்பதன் பொருளே சில நேரம் கூடும், சில நேரம் குறையும் என்பதுதான். ஏறத்தாழ இரண்டில் ஒரு முறை சரக்கு வருவதற்கு முன்பே பெட்டி காலியாகிவிடும். ஆகவே சராசரியை விட்டுவிட்டு, வழக்கமாகப் பார்க்கக்கூடிய மோசமான நிலையை எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை மும்முரமான நாட்களில் 20 பம்ப் வரை போகிறது என்றால் நாளைக்கு 80 போல்ட். கடைக்காரரிடம் சரக்கு இல்லாமல் இரண்டு நாள் தள்ளிப்போனால் காத்திருப்பு 7 நாள்.

பின்பெட்டி அளவு = மும்முரமான நாள் செலவு × நீண்ட காத்திருப்பு நாட்கள்

இந்தப் பட்டறைக்கு 80 × 7 = 560. போல்ட் 200 கொண்ட பாக்கெட்டுகளாக வருகிறது என்றால் மூன்று பாக்கெட், அதாவது 600 என்று முடிவு செய்வதுதான் வசதி. பாக்கெட்டை உடைத்து எண்ண வேண்டிய வேலை மிச்சம். இரண்டு பெட்டிகளும் இடம் மாறி மாறி வருவதால் இரண்டுக்குமே அளவு 600தான்.

இப்படி வைத்தால் சாதாரண நாட்களில் சுற்று இப்படிப் போகும். முன்பெட்டி காலியாகும்போது கையில் 600 இருக்கும். ஐந்து நாளில் 300 செலவாகி, மீதி 300 இருக்கையில் புது 600 வந்து சேரும். மொத்தம் 900. அடுத்த ஐந்து நாளில் மீண்டும் முன்பெட்டி காலி. பத்து வேலைநாளுக்கு ஒரு ஆர்டர். சரக்கு 300க்கும் 900க்கும் இடையே ஏறி இறங்கி, சராசரியாக 600 போல்ட் பட்டறையில் இருக்கும். போல்ட் ஐந்து ரூபாய் என்றால் முடங்கிக் கிடக்கும் பணம் 3,000 ரூபாய். இந்தத் தொகைக்குத்தான் பட்டறை நிம்மதியை வாங்குகிறது. ஒரு மணி நேரம் ஆட்கள் சும்மா நிற்கும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எல்லாப் பொருளுக்கும் இவ்வளவு கணக்கு வேண்டியதில்லை. அதே பம்புக்குப் போகும் ஸ்பிரிங் வாஷரின் விலை பைசாக் கணக்கில்தான் வரும். அது 1,000 கொண்ட பாக்கெட்டாக வந்தால் ஒரு பெட்டிக்கு ஒரு பாக்கெட் என்று வைத்துவிடலாம். அங்கே கணக்கைவிடப் பாக்கெட்தான் முடிவு செய்கிறது. மறுபக்கம், பெட்டி தூக்க முடியாத எடைக்குப் போய்விடக் கூடாது. மேலே சொன்ன போல்ட் 600 ஏறத்தாழ ஒன்பது கிலோ வரும், ஒரு ஆள் எளிதில் நகர்த்திவிடுவார். நான்கு மடங்கு பெரிய பட்டறையில் அதே கணக்கு முப்பது கிலோவைத் தாண்டும். அங்கே பெட்டியை நகர்த்தும் முறையை விட்டு, பின்சரக்கை முத்திரையிட்ட சாக்கில் வைத்து, அதன் வாயில் ஒரு அட்டையைக் கட்டிவிடுகிறார்கள். சாக்கைப் பிரிப்பவர் அட்டையைக் கழற்றி ஸ்டோரில் கொடுக்க வேண்டும். இடம் குறைந்த பட்டறைகளில் ஒரே பெட்டிக்குள் பின்சரக்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அடியில் போட்டு, மேலே மீதியைக் கொட்டி வைப்பதும் உண்டு. பையைக் கிழிக்க வேண்டி வந்தால் அதுவே ஆர்டருக்கான நேரம். மூன்றும் ஒரே முறைதான், உருவம் மட்டுமே வேறு.

அலமாரியும் அட்டையும்

பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் அளவுக்கு ஆழமான அலமாரி நல்லது. ஆழம் இல்லாவிட்டால் மேல் தட்டில் ஒன்று, அதற்கு நேர் கீழே ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வைப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் சமமாக இருந்தால் அவசரத்தில் எது கிட்டே இருக்கிறதோ அதில்தான் கை போகும், இரண்டும் சேர்ந்தே தீரும்.

பெட்டியின் முகப்பில் பொருளின் பெயர், அளவு, வலிமைத் தரம், நிரப்ப வேண்டிய எண்ணிக்கை, அலமாரியில் அதன் இடம் ஆகியவை எழுதியிருக்க வேண்டும். பெயர் பட்டறையில் சொல்லும் பெயராகவே இருக்கட்டும். ‘8க்கு 25’ என்று கூப்பிடுபவர் அதைத்தான் தேடுவார். அதோடு ஒரு போல்ட்டை முகப்பிலேயே ஒட்டி வைத்துவிட்டால் எழுத்தைப் படிக்காமலே கண் கண்டுகொள்ளும். புதுச் சரக்கை நிரப்புபவரும் கையிலிருப்பதை அதோடு வைத்துப் பார்த்துவிட்டே கொட்டுவார்.

சில இடங்களில் ஒரு பெட்டிக்கு மட்டும் ‘ரிசர்வ்’ என்று நிரந்தரமாகப் பெயர் எழுதி, முன்பெட்டி தீரும்போது அதிலிருந்து அள்ளிப் போடுகிறார்கள். இது பார்வைக்கு அதே முறை போலத் தோன்றினாலும் உள்ளே குணம் மாறிவிடுகிறது. ரிசர்வ் பெட்டியின் அடியில் கிடக்கும் போல்ட் வருடக்கணக்கில் அங்கேயே கிடந்து துருவேறும். முன்பெட்டி ஒருபோதும் முழுமையாகக் காலியாவதில்லை என்பதால் எப்போது ஆர்டர் போடுவது என்பதும் குழம்பிவிடும். பெட்டிகள் இடம் மாறினால்தான் பழைய சரக்கு முதலில் வெளியேறும். ‘பின்’ என்பது இடத்தின் பெயராக இருக்க வேண்டும், பெட்டியின் பெயராக அல்ல.

காலிப் பெட்டிகளுக்கும் நிலையான இடம் வேண்டும், அதுவும் இரண்டு தட்டுகளாக. ஒன்று ‘வாங்க வேண்டியவை’, மற்றது ‘ஆர்டர் போட்டவை’. காலிப் பெட்டி முதலில் மேல் தட்டுக்கு வரும். ஆர்டர் சொன்னதும் அதைக் கீழ்த் தட்டுக்கு மாற்ற வேண்டும். இந்தப் பிரிவு இல்லாத ஸ்டோரில் ஸ்டோர்கீப்பர் லீவு போட்ட நாளில் இன்னொருவர் வந்து அதே பெட்டிக்கு மறுபடி ஆர்டர் போடுவார், அல்லது ஏற்கெனவே போட்டிருப்பார் என்று நினைத்து விட்டுவிடுவார்.

பெட்டியோடு ஒரு அட்டை கட்டியிருக்கும். அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்றே விவரம்: பெட்டி காலியான தேதி, நிரம்பி வந்த தேதி, நிரம்பி வந்தபோது முன்பெட்டியில் கண்ணளவில் எவ்வளவு மீதி இருந்தது. பாதி, கால், ஒரு கை என்று எழுதினாலே போதும், எண்ண வேண்டியதில்லை. இந்த மூன்றாவது விவரத்தைப் பலர் எழுதுவதில்லை. ஆனால் இந்த முறையின் உடல்நிலை முழுவதும் அதில்தான் தெரியும்.

மேலே சொன்ன பட்டறையின் அட்டையில் பிப்ரவரி 2 காலி, 7 நிரம்பியது, மீதி பாதி என்று இருக்கலாம். அடுத்த வரியில் பிப்ரவரி 13 காலி. ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தால் இரண்டு காலித் தேதிகளுக்கு இடையே பத்து வேலைநாள். 600ஐப் பத்தால் வகுத்தால் நாளைக்கு 60. ஒரு சீட்டும் எழுதாமல், ஒரு போல்ட்டும் எண்ணாமல், செலவுக் கணக்கு கையில் வந்துவிட்டது. காலியான தேதிக்கும் நிரம்பிய தேதிக்கும் இடைவெளி பார்த்தால் கடைக்காரர் சொன்ன மூன்று நாளின் உண்மை தெரியும்.

கோடை வந்து பம்புக்குக் கேட்பு கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் காலித் தேதிகளின் இடைவெளி ஆறு நாளாகச் சுருங்குகிறது, அதாவது நாளைக்கு 100 போல்ட். காத்திருப்பு ஐந்து நாள்தான் என்றாலும் அதற்குள் 500 செலவாகிவிடும். நிரம்பிய பெட்டி வரும்போது முன்பெட்டியில் 100தான் மீதி, அட்டையில் ‘ஒரு கை’ என்று ஏறும். பட்டறையில் இன்னும் ஒருவருக்கும் குறை தெரியவில்லை, வேலை நிற்கவில்லை. ஆனால் கடைக்காரர் ஒரு நாள் தாமதித்தாலே நின்றுவிடும். இதைப் பார்த்தவுடன் அளவை மாற்ற வேண்டும். மும்முரமான நாளில் 120 போகும் என்றால் 120 × 7 = 840, பாக்கெட் கணக்கில் 1,000. ‘கால்’ என்பதற்குக் கீழே இரண்டு முறை தொடர்ந்து வந்தால் அளவைக் கூட்டுவது, பல சுற்றுகளாக ‘முக்கால்’ என்றே வந்தால் குறைப்பது என்று வைத்துக்கொண்டால் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பத் தேடவேண்டியதில்லை. பெட்டியின் முகப்பில் எழுதிய எண்ணையும் அன்றே மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் நிரப்புபவர் பழைய எண்ணிக்கைக்கே நிரப்புவார்.

நிரப்பும்போது எண்ணிக்கையைச் சரிபார்க்க ஒரு தராசு போதும். 50 போல்ட்டை எண்ணி எடைபோட்டு 720 கிராம் வந்தால், 600 போல்ட் 8 கிலோ 640 கிராம் இருக்க வேண்டும். குறைந்தால் பாக்கெட்டில் குறைவு என்று பொருள். கடையில் பாக்கெட் கணக்கில் வாங்கும்போது இது அவ்வளவு அரிதல்ல.

எங்கே கெடும், எப்படித் தெரியும்

இந்த முறை கெடுவது பெரும்பாலும் பெட்டியில்தான், கணக்கில் அல்ல. மிகச் சாதாரணமாக நடப்பது பின்பெட்டியில் கை வைப்பது. முன்பெட்டியில் மூன்று போல்ட் இருக்கிறது, வேண்டியது நான்கு. ஃபிட்டர் பின்பெட்டியிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்கிறார். முன்பெட்டியில் அந்த மூன்றும் இரண்டு நாள் அப்படியே கிடக்கிறது, எல்லோரும் பின்னாலிருந்தே எடுக்கிறார்கள். முன்பெட்டி ‘காலி’ ஆகவில்லை, ஆகவே ஆர்டரும் போகவில்லை. முறை சொல்வது வேறு: மூன்றையும் எடுத்துக்கொள், பெட்டியை ஸ்டோருக்கு அனுப்பு, பின்பெட்டியை முன்னால் இழு, நான்காவதை அதிலிருந்து எடு. இதற்கு நேர்மாறான கோளாறு, காலிப் பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பது. அறிவிப்பு அங்கேயே செத்துவிடுகிறது. ஒவ்வொரு நாளும் மாலையில் ஸ்டோர்கீப்பர் ஒரு சுற்று வந்து, பின்னால் பெட்டி இல்லாத இடம் ஒவ்வொன்றையும் ‘வாங்க வேண்டியவை’, ‘ஆர்டர் போட்டவை’ தட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதைப் பிடித்துவிடலாம். இரண்டு தட்டிலும் இல்லாத பெட்டி எங்கோ தொலைந்திருக்கிறது. நூறு பொருள் உள்ள அலமாரிக்கும் இந்தச் சுற்று சில நிமிட வேலைதான்.

ஃபிட்டர்கள் தங்கள் டூல்பாக்ஸில் தனியாகப் போல்ட் சேர்த்து வைத்திருப்பது இன்னொரு அறிகுறி. இதைத் திருட்டாகப் பார்ப்பது தவறு. முன்பு பலமுறை பொருள் இல்லாமல் நின்றவர்கள் செய்யும் தற்காப்பு அது. ஆனால் அந்தச் சேமிப்பு பெட்டியின் கணக்கைக் குலைக்கும். புதிதாக முறையைத் தொடங்கும் நாளில் ஒரே வாரத்தில் பெட்டி காலியாகும், பிறகு மூன்று வாரம் எதுவும் செலவாகாது. அந்தத் தேதிகளை வைத்து அளவு தீர்மானித்தால் எல்லாம் தவறிப்போகும். ஆகவே தொடங்கும்போதே டூல்பாக்ஸ், இழுப்பறை, ஜன்னல் விளிம்பு எல்லாவற்றிலும் கிடப்பதைத் திரட்டி, வகை பிரித்துப் பெட்டிக்குள் சேர்த்துவிடுவது நல்லது. சில மாதம் பொருள் தீராமல் ஓடினால் பதுக்கும் பழக்கம் தானாகவே குறையும்.

வகை மாறிக் கலப்பது இதைவிட ஆபத்தானது. 8 மில்லிமீட்டர் போல்ட்டையும் 5/16 அங்குலப் போல்ட்டையும் அருகருகே வைத்தால் வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 5/16 என்பது 7.94 மில்லிமீட்டர். அமெரிக்கச் சாதாரண மரையில் வரும் 5/16 போல்ட்டின் தலை அரை அங்குலம், 13 நம்பர் ஸ்பேனரே ஏறத்தாழ அதைப் பிடித்துவிடும். மரை இடைவெளி மட்டும் வேறு: 8 மில்லிமீட்டருக்கு 1.25 மில்லிமீட்டர், அந்த 5/16க்கு அங்குலத்துக்கு 18 மரை, அதாவது 1.41 மில்லிமீட்டர். ஒன்றை மற்றொன்றின் துளையில் போட்டால் இரண்டு மூன்று சுற்று கையால் போகும், பிறகு இறுகும். அழுக்கு என்று நினைத்து ஸ்பேனர் போட்டு இழுப்பவர் கேசிங்கின் மரையைக் கிழித்துவிடுவார். இந்த இரண்டின் பெட்டிகளும் ஒரே தட்டில் இருக்கக் கூடாது. கீழே விழுந்ததைப் பொறுக்கி, பார்க்காமல் எதாவது ஒரு பெட்டியில் போடுவதும் கூடாது. பொறுக்கியவற்றுக்கென்று தனி டப்பா வைத்து, வார இறுதியில் மரை அளவியால் சரிபார்த்துப் பிரிப்பதுதான் வழி.

வாங்கும்போதும் வகை மாறலாம். 8.8 என்று ஆர்டர் போட்டிருக்க, கையில் இருந்த சாதாரண போல்ட்டைக் கடைக்காரர் அனுப்பிவிடுவார். 8.8 தரப் போல்ட்டின் தலையில் அந்த எண் பொறித்திருக்கும். அதன் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். 4.6 தரத்துக்கு அதில் பாதிதான், 400. உருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெட்டிக்குள் கொட்டிவிட்டால் பிறகு பிரிக்க ஆள் கிடைக்காது. ஆகவே கொட்டுவதற்கு முன் ஒவ்வொரு பாக்கெட்டிலும் சில தலைகளைப் பார்ப்பது, நிரப்புபவரின் வேலையில் தவறக் கூடாத பகுதி.

எதற்கு ஒத்துவராது

ஏறத்தாழ ஒரே சீராகச் செலவாகும் பொருளுக்குத்தான் பெட்டி பேசும். திடீரென்று ஒரு ஆர்டருக்கு 400 போல்ட் ஒரே நாளில் வேண்டும் என்றால் பெட்டிக்கு அது முன்கூட்டித் தெரியாது. முன்பெட்டியும் பின்பெட்டியும் சேர்ந்தே கரையும், வழக்கமான வேலை நின்றுபோகும். அப்படிப்பட்ட வேலைக்கு வேண்டிய போல்ட்டைத் தனியாக வாங்கி, அந்த வேலையின் பெயர் எழுதித் தனியாகத்தான் வைக்க வேண்டும். மெக்கானிக்கல் சீல், பேரிங் போன்ற விலை உயர்ந்தவற்றுக்கும், வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதால் மாதக்கணக்கில் காத்திருக்கும் பொருளுக்கும் இது ஏற்றதல்ல. முதலாவதில் பணம் முடங்கும், இரண்டாவதில் பின்பெட்டியே அறை அளவுக்கு வளரும். அவற்றை எண்ணி, எழுதி வைப்பதுதான் சரி.

கெட்டுப்போகும் பொருளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ரெசின் பிடிப்பில் செய்த கட்டிங் வீலின் மேல் காலாவதித் தேதி பொறித்திருக்கும், பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அதற்குப் பிறகு வேகமாகச் சுழலும்போது உடைந்து சிதறும் ஆபத்து உண்டு. பெட்டிகள் ஒழுங்காக இடம் மாறினால் பழையது முதலில் போய்விடும் என்பதால் இரட்டைப் பெட்டி முறை இங்கே உதவவே செய்கிறது. ஆனால் பெட்டியின் அளவு சிறியதாக இருக்க வேண்டும். நாளைக்கு இரண்டு வீல் போகும் பட்டறைக்கு 25 போதும். ‘மொத்தமாக வாங்கினால் விலை குறைவு’ என்று 500 வாங்கி வைத்தால் கடைசி வீல் வெளியே வர ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். கடையிலேயே ஒரு வருடம் கிடந்த சரக்காக இருந்தால் ஆயுள் மிகவும் சுருங்கிவிடும். குறைந்த ஹைட்ரஜன் வெல்டிங் ராடு திறந்த பெட்டிக்கே ஒத்துவராது. அதன் பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன் இடம் சூடேற்றிய அடுப்பு.

தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்குப் பண்டிகைக் காலம் ஒரு தனிக் கணக்கு. இந்தியாவின் போல்ட் நட் உற்பத்தியில் பஞ்சாபின் லூதியானாவுக்குப் பெரிய பங்கு உண்டு. உள்ளூர்க் கடைக்காரர் கையில் இருந்தால் மூன்று நாளில் தருவார். அங்கிருந்து வரவேண்டியதாக இருந்தால் லாரி எத்தனை நாள் எடுக்குமோ அத்தனை நாள். தீபாவளியை ஒட்டிக் கடையும் லாரியும் ஒன்றாக நிற்கும்போது ஐந்து நாள் காத்திருப்பு பத்து நாளைத் தாண்டும். அதற்காகப் பெட்டியின் அளவை ஆண்டு முழுவதும் இரட்டிப்பாக்குவது வீண். பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பு ஓடும் பொருட்களுக்கு மட்டும் ஒரு பெட்டி அளவு கூடுதலாக வாங்கி, மேல் தட்டில் தனியாக வைத்துக்கொண்டால் போதும். பெட்டிச் சுழற்சி எப்போதும்போல் நடக்கும், அந்தக் கூடுதல் சரக்கு அடுத்த காலிப் பெட்டியை நிரப்பப் பயன்படும்.

காலியான கொள்கலனே ஆர்டராக மாறும் இந்த எண்ணத்தை டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ, அட்டைகளைக் கொண்ட கான்பான் முறையாகத் தொழிற்சாலை முழுவதற்கும் விரித்தார். கடையில் வாடிக்கையாளர் எடுத்துப் போன இடத்தை மட்டும் நிரப்பும் அமெரிக்க சூப்பர்மார்க்கெட் பழக்கம் அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. இன்று பல பெரிய தொழிற்சாலைகளில் போல்ட் வியாபாரியே வாரத்துக்கு இருமுறை வந்து, காலிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு நிரம்பியவற்றை வைத்துவிட்டுப் போகிறார். அப்போது காத்திருப்பு என்பது அவர் வரும் இரண்டு நாட்களுக்கு இடையிலான நேரமாக மாறுகிறது, பின்பெட்டியும் சிறியதாகிறது. சிறு பட்டறைக்கும் இது எட்டாத ஏற்பாடு அல்ல. பத்துப் பதினைந்து வகையையாவது ஒரே கடையில் வாங்கினால்தான் வியாபாரிக்கு அந்த நடை கட்டும். இங்கே எண்ணிக்கையையும் தரத்தையும் பார்க்கும் வேலை மட்டும் பட்டறையின் கையிலேயே இருக்க வேண்டும்.

கடைசியாக, காலியே ஆகாத பெட்டிகள். மாடல் மாறியதால் தேவையில்லாமல் போன நீளங்களும், யாரோ ஒருவர் எப்போதோ கேட்டு வாங்கிய நூல்மரைப் போல்ட்டும் அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அவற்றைக் கண்டுபிடிக்கவும் அதே அட்டைதான் வழி. கடைசியாகக் காலியான தேதி ஆறு மாதத்துக்கு முந்தையது என்றால் அந்தப் பொருளுக்கு இனி இரண்டு பெட்டி வேண்டாம். பின்பெட்டியை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்து, முகப்பில் ‘தீர்ந்தால் வாங்க வேண்டாம், கேட்கவும்’ என்று எழுதிவிட்டு, அந்த இடத்தை ஓடும் பொருளுக்குக் கொடுத்துவிடலாம்.